1:10:00-ஐத் தட்டினால் ஏன் வேறு பேச்சு கேட்கிறது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருடைய தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தை ஒலிப்பதிவு செய்து, சுருக்கமும் எழுதி, ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் நேரம் போட்டிருந்தார்கள். 'கணினி அறைக்கு 8,000 ரிங்கிட் - 1:10:00' என்ற குறிப்பைச் சரிபார்க்கப் போனால் சிற்றுண்டிச்சாலைப் பேச்சு ஓடுகிறதாம். சுருக்கம் எழுதியவர் புளுகிவிட்டாரா?

அவரைச் சந்தேகிக்குமுன் கோப்பைப் பாருங்கள். அது எம்பி3, அதிலும் மாறும் பிட் வீதத்தில் சேமித்தது. அமைதியான இடத்துக்குக் குறைந்த பைட், பேச்சுக்கு அதிகம். இடம் மிச்சம், ஆனால் எந்த விநாடி கோப்பில் எங்கே கிடக்கிறது என்பது நேரடியாகத் தெரியாது. பல பிளேயர்கள் குத்துமதிப்பாகத் தாவுகின்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு மணி நேரப் பதிவு. ஆட்கள் வந்து சேரும் முதல் 20 நிமிடம் அமைதி, நிமிடத்துக்கு 0.24 எம்பி, ஆக 4.8. மீதி 100 நிமிடம் பேச்சு, நிமிடத்துக்கு 0.48, ஆக 48. மொத்தம் 52.8 எம்பி. 70-ஆவது நிமிடம் உண்மையில் 28.8-இல் இருக்கிறது. பிளேயரோ, '120-இல் 70' என்று விகிதம் பார்த்து 30.8-க்குத் தாவுகிறது. அங்கே ஓடுவது 74 நிமிடம் 10 விநாடியில் பேசியது! திரையில் மட்டும் 1:10:00 என்றே காட்டும். எனக்கு இதில் பிடித்ததே இந்தக் குறும்புதான்.

தாவ உதவுவதற்காகச் சில கோப்புகளின் தொடக்கத்தில் 100 இடங்களைக் குறித்த சிறு அட்டவணை இருக்கும். ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே பைட், அதாவது கோப்பு முழுவதும் 256 படிகள்தான். நம் பதிவில் ஒரு படி என்பது சுமார் 26 விநாடிப் பேச்சு.

பிழை எதனால் என்று கண்டுபிடிப்பதும் சுலபம். தொடக்கத்தை யாராவது வெட்டியிருந்தால் எல்லாக் குறிப்பும் ஒரே அளவு விலகும். இந்தத் தாவல் பிழையோ இடத்துக்கு இடம் மாறும். நம் பதிவில் 20-ஆவது நிமிடத்தில் 8 நிமிடத்துக்கு மேல், 110-இல் 50 விநாடி. முதலிலிருந்து தாவாமல் ஓடவிட்டால் நேரம் சரியாக வரும்.

சரி, என்ன செய்வது? சுருக்கத்தோடு எம்4ஏ கோப்பை அனுப்புங்கள். அதில் ஒவ்வொரு துண்டின் நேரமும் இடமும் அட்டவணையாக உள்ளன. எம்பி3-ஐ அப்படி மாற்ற ffmpeg என்ற மென்பொருளுக்கு இந்தக் கட்டளை போதும்:

```
ffmpeg -i kuttam.mp3 -c:a aac kuttam.m4a
```

தோட்டத்துப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்ய நல்ல மைக் வாங்குகிறோம், நேரக் குறிப்புக்குக் காசு ஒதுக்குவதில்லை என்பது என் பழைய புலம்பல். அப்புறம், நேரத்தோடு பேசியவரின் முதல் நான்கைந்து சொற்களையும் எழுதிவிடுங்கள்: '1:10:00, "எட்டாயிரம் வெள்ளி போதுமா தலைவரே" என்று தொடங்குகிறது'. எண் பிசகினாலும் கேட்பவர் முன்னும் பின்னும் தள்ளி அந்த இடத்தைப் பிடித்துவிடுவார்.