பால் பணம் ஏன் குறைந்தது? எண்களிலிருந்து வாக்கியம் எழுதும் மென்பொருள் சொல்ல வேண்டியதும் சொல்லக் கூடாததும்

மாதக் கணக்குச் சீட்டைக் கையில் வாங்கியதும் பால் ஊற்றுபவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மாட்டுக்கு ஒரு குறையும் வைக்கவில்லையே, காசு ஏன் குறைந்தது?" லிட்டர், கொழுப்பு, கொழுப்பு அல்லாத திடப்பொருள், விலை, தொகை எல்லாம் சீட்டில் இருக்கின்றன. பதில் மட்டும் இல்லை. குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கத்துச் சிறு பால் சங்கங்களுக்கும் கடைகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதித் தருவது என் தொழில். எண்களை வாக்கியமாக்கி அந்தச் சீட்டின் அடியிலேயே அச்சிடும் வசதியை இப்போது பலரும் கேட்கிறார்கள். அது நல்ல வசதி. தப்பாகச் செய்தால் எண்ணை விடக் கெடுதல். எண்ணைப் பார்ப்பவர் சந்தேகப்படுவார், கேள்வி கேட்பார். வாக்கியத்தைப் படிப்பவர் அப்படியே நம்பிவிடுவார்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். புரிவதற்காக முழு எண்களாக வைத்துக்கொள்கிறேன். ஜனவரியில் ஒருவர் தினமும் 10 லிட்டர் ஊற்றினார். லிட்டர் 36 ரூபாய் வீதம், 31 நாளைக்கு 11,160 ரூபாய். பிப்ரவரியில் தினமும் 9.5 லிட்டர். கொழுப்பு 4.2இலிருந்து 4.0க்கு இறங்கியதால் விலை 35 ரூபாய். 28 நாளைக்கு 9,310 ரூபாய். குறைவு 1,850 ரூபாய்.

சாதாரண மென்பொருள் இதை "உங்கள் வருமானம் 16.6 சதவீதம் சரிந்தது" என்று எழுதும். கணக்குப்படி சரிதான். படிக்கிறவரோ மாட்டுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறிப் போவார். குறைவைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் வேறு. d நாள்களின் எண்ணிக்கை, q ஒரு நாள் பால், p லிட்டர் விலை. 0 என்பது போன மாதம், 1 என்பது இந்த மாதம்:

```
days  = (d0 - d1) * q0 * p0
daily = (q0 - q1) * d1 * p0
rate  = (p0 - p1) * q1 * d1
```

முதல் வரி 1,080 ரூபாய், இரண்டாவது 504, மூன்றாவது 266. மூன்றும் சேர்ந்தால் 1,850. அதாவது, குறைவில் பாதிக்கு மேல் பிப்ரவரிக்கு 3 நாள் குறைவு என்பதால் வந்தது. அதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது மீதி 770 ரூபாய்தான்.

ஆகவே சீட்டில் வர வேண்டிய வாக்கியம் இது: "ஜனவரியை விட 1,850 ரூபாய் குறைவு. இதில் 1,080 ரூபாய் பிப்ரவரியில் நாள்கள் குறைவு என்பதால். தினசரிப் பால் அரை லிட்டர் குறைந்ததால் 504 ரூபாயும், கொழுப்பு 4.2இலிருந்து 4.0 ஆனதால் 266 ரூபாயும் குறைந்தன."

பிரிக்கும் வரிசையை மாற்றினால் பங்குகளும் மாறும். விலைக் குறைவை முதலில் எடுத்து ஜனவரியின் 310 லிட்டரோடு பெருக்கினால் 310 ரூபாய் வரும், 266 வராது. இரண்டும் தவறில்லை. ஏதாவது ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டு எல்லா மாதமும் அதையே வைத்திருக்க வேண்டும். அரை லிட்டர் குறைந்தால் எத்தனை ரூபாய் என்பதை ஜனங்கள் மாதா மாதம் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

கொழுப்பை ஏன் "4.2இலிருந்து 4.0" என்று இரண்டு எண்ணையும் சேர்த்து எழுதினேன்? கொழுப்பே சதவீதத்தில் சொல்லப்படுவது. "கொழுப்பு 5 சதவீதம் குறைந்தது" என்று மென்பொருள் எழுதினால், 4.2 எப்படி ஐந்து குறையும் என்று படிப்பவர் திகைப்பார். சதவீதத்தில் உள்ள எதையும் முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு என்று எழுதுவதே பாதுகாப்பு.

இதுவரை பார்த்தது என்ன மாறியது என்பது. ஏன் மாறியது என்பதில்தான் மென்பொருள் வாயடக்கத்தோடு இருக்க வேண்டும். கன்று ஈன்ற தேதி பதிவில் இருந்தால் ஓரளவு சொல்லலாம். ஈன்று பல மாதங்கள் ஆன மாட்டுக்குப் பால் குறைவது இயல்பு. ஆனால் அப்போது கொழுப்பு பொதுவாகக் கொஞ்சம் ஏறும். பால் குறைந்து கொழுப்பு ஏறினால், "ஈன்று 7 மாதம் ஆகிறது, இந்தக் கட்டத்தில் இது இயல்பு" என்று எழுதிவிடலாம். நம் கணக்கில் இரண்டுமே இறங்கியிருக்கின்றன. ஈற்றுக் காலம் மட்டும் இதை விளக்காது. வைக்கோல் போன்ற நார்த் தீவனம் குறைந்தாலும் கொழுப்பு இறங்கும், வெயிலும் நோயும் பாலைக் குறைக்கும். எது என்று சீட்டில் உள்ள எண்களுக்குத் தெரியாது. "பாலும் கொழுப்பும் சேர்ந்து குறைந்துள்ளன. தீவனத்தையும் மாட்டின் உடல்நிலையையும் பார்க்கவும்" என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

கொழுப்பும் திடப்பொருளும் ஒரே விகிதத்தில் இறங்கினால் தண்ணீர் கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் சங்கச் செயலாளருக்கு வரும். அதை வாக்கியமாக்கித் தரும்படி சிலர் கேட்பதுண்டு. நான் மறுத்துவிடுவேன். பால் மாதிரியைச் சரியாகக் கலக்காமல் எடுத்தாலும், கருவியை ஒழுங்காக அளவு சரிபார்க்காமல் விட்டாலும் எண்கள் தவறும். ஒரு குடும்பத்தின் பெயருக்குக் கீழே அச்சில் வரும் பழியைப் பிறகு எந்தத் திருத்தமும் துடைக்காது. செயலாளரின் பட்டியலில் "மறு பரிசோதனை தேவை" என்று மட்டும் வரட்டும். உற்பத்தியாளர் சீட்டில் அதுவும் வேண்டாம்.

மாவட்ட அளவில் அறிக்கை எழுதுவோர் வேறொரு பள்ளத்தைப் பார்த்து நடக்க வேண்டும். 2019இல் வேலூர் மாவட்டம் பிரிந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் உருவாயின. 2018ஐயும் 2020ஐயும் அப்படியே ஒப்பிட்டால், "வேலூர் மாவட்டத்தில் கொள்முதல் பெருமளவு சரிந்தது" என்று மென்பொருள் தயக்கமின்றி எழுதும். மாடுகள் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, மாறியது எல்லைக் கோடு. இதற்கு முன் 1989இல் வடஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானபோதும் இதே நிலைதான். ஒப்பிடும் இரண்டு எண்ணும் ஒரே பரப்பைக் குறிக்கின்றனவா என்று நிரல் முதலில் சரிபார்க்க வேண்டும். இல்லையென்றால் ஊராட்சி ஒன்றியம் வாரியாகக் கூட்டி, பழைய எல்லைக்கே கணக்கிட வேண்டும்.

வெளிநாட்டு மென்பொருளின் வார்ப்புருவைத் தமிழுக்குத் திருப்பினால் இன்னொரு தொல்லை. ஊர்ப் பெயரை வைத்து அதன் பின்னால் "இல்" ஒட்டினால் "குடியாத்தம்இல்", "ஆற்காடுஇல்" என்று வரும். குடியாத்தத்தில், ஆற்காட்டில், வேலூரில், காட்பாடியில் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் திரியும். பொது விதி எழுதலாம்தான். ஆனால் ஒரு சங்கத்துக்கு வேண்டியது சில ஊர்கள்தான், ஒவ்வொன்றுக்கும் வேற்றுமை வடிவங்களைக் கையால் எழுதி வைத்துவிடுவது நம்பகமானது.

படிக்கச் சலிக்காமல் இருக்கட்டும் என்று ஒரு மாதம் "குறைந்தது", மறு மாதம் "சரிந்தது", அடுத்து "வீழ்ந்தது" என்று சொல்லை மாற்றிப் போடுகிறார்கள். தயவு செய்து வேண்டாம். படிப்பவர் சரிவைக் குறைவை விடப் பெரியதாகத்தான் எடுத்துக்கொள்வார். சிறிய ஏற்ற இறக்கங்களுக்கு வாக்கியமே தேவையில்லை. அதே உற்பத்தியாளரின் கடந்த ஓராண்டுக் கணக்கில் வழக்கமாக எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்த்து, அதற்குள் அடங்கினால் "குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை" என்று ஒரே வரி போதும்.

அச்சுக்குப் போகும் முன் நான் கட்டாயமாக வைக்கும் சோதனை ஒன்று உண்டு. வாக்கியத்தில் வரும் பங்குகளை மறுபடி கூட்டி, மொத்த வித்தியாசத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரு ரூபாய்க்கு மேல் வேறுபட்டால் வாக்கியம் அச்சாகாது, எண்கள் மட்டும் வரும், செயலாளருக்குத் தகவல் போகும். பெரும்பாலும் அந்தச் சீட்டில் மாத நடுவில் விலைப் பட்டியல் மாறியிருக்கும், அல்லது ஒரு வேளைப் பால் இரண்டு முறை பதிவாகியிருக்கும்.