ஃபோர்-பை-டுவெல்வ் கேபினெட்: பின்மூடிய நால்-பன்னிரண்டு பெட்டி

மின் கிதாரின் ஒலியை மேடையில் வெளியிடும் ஸ்பீக்கர் பெட்டி இது. 4×12 என்பதில் 4 ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை, 12 ஒவ்வொன்றின் விட்டம் அங்குலத்தில். ‘கேபினெட்’ முதலில் சிற்றறையைக் குறித்து, பிறகு மரப்பெட்டிக்கு ஆகிவந்த சொல். மேடையில் ‘கேப்’ என்றே சுருங்கிவிட்டது. தமிழில் ‘ஒலிப்பேழை’ அழகாக இருந்தாலும், அதை ஒலிநாடா கேசட் முன்பே பிடித்துக்கொண்டது. ‘ஒலிபெருக்கிப் பெட்டி’ போதும். வகையைச் சொல்ல ‘பின்மூடிய’ என்று முன்னால் சேர்க்கலாம்.

1960-களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான ஜேடிஎம் 45 கிதார் ஆம்ப், ஃபெண்டர் நிறுவனத்தின் பாஸ்மேன் ஆம்பின் சர்க்யூட்டைப் பின்பற்றியது. பாஸ்மேனில் ஆம்பும் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களும் பின்திறந்த ஒரே பெட்டிக்குள் இருந்தன. மார்ஷல் ஆம்பைத் தனியே பிரித்து, ஸ்பீக்கர்களை வேறு பெட்டியில் வைத்தார். அன்றைய செலஸ்டியன் நிறுவனத்தின் 12 அங்குல ஸ்பீக்கர் தாங்கியது சுமார் 15 வாட்தான். இரண்டு போட்டால் எரிந்துபோயின, நான்கானது அதனால்தான். பெட்டியின் அளவுக்குப் பின்னால் ஒலியியல் கணக்கு ஏதுமில்லை, நான்கும் அடங்கும் சிறிய பெட்டி அது, அவ்வளவே.

பின்பக்கத்தை மூடியதன் பலன் வேறு. ஸ்பீக்கரின் கூம்பு முன்பக்கக் காற்றைத் தள்ளும்போது பின்பக்கக் காற்றை இழுக்கிறது. பின்புறம் திறந்திருந்தால் அந்த எதிர் அலை சுற்றி வந்து, தாழ்ந்த சுரங்களை ஓரளவு அழித்துவிடும். மூடினால் அது உள்ளேயே அடைபடும். உள்ளிருக்கும் காற்றும் ஸ்பிரிங் போல நின்று கூம்பு மிகையாக அசையாமல் பிடிக்கிறது. உள்ளங்கையால் கம்பியை அமுக்கி அடிக்கும்போது நெஞ்சில் இடிக்கும் அந்தக் கனம் இங்கிருந்து வருவது. இதற்கு விலையும் உண்டு: ஒலி நேர்முன்னே குவியும், பக்கத்தில் நிற்பவருக்கு மங்கலாகக் கேட்கும்.

இன்று பழகிய தோற்றத்தை நிலைநிறுத்தியவர் தி ஹூ ராக் குழுவின் கிதார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட். 1965-இல் 100 வாட் ஆம்பும் எட்டு ஸ்பீக்கர்கள் கொண்ட ஒரே பெட்டியும் மார்ஷலிடம் கேட்டார். தூக்குபவர்கள் திணறவே, அது இரண்டு 4×12 ஆகப் பிரிந்து ஒன்றன்மேல் ஒன்றாக நின்றது: கீழே நேர்முகப் பெட்டி, மேலே சாய்முகப் பெட்டி. செலஸ்டியனின் 25 வாட் கிரீன்பேக் ஸ்பீக்கர் நான்கு சேர்ந்தால் சரியாக 100 வாட். ஆனால் முழு முறுக்கில் ஆம்ப் அதையும் தாண்டும் என்பதால், ஒரு 100 வாட் ஆம்புக்கு இரண்டு பெட்டி என்பது வெறும் பகட்டல்ல.

ஒயரிங்கைக் கவனிக்க வேண்டும். 16 ஓம் ஸ்பீக்கர்களை இரண்டிரண்டாகத் தொடராக இணைத்தால் ஒவ்வொரு ஜோடியும் 32 ஓம். ஜோடிகளை இணையாகச் சேர்த்தால் மீண்டும் 16. ஒரு ஸ்பீக்கரின் சுருள் அறுந்தால் அதன் ஜோடியும் ஊமையாகும், பெட்டி 32 ஓம் காட்டும். வால்வு ஆம்பை அப்படியே ஓட்டக்கூடாது. நான்கும் பாடியும் தாழ்ந்த சுரங்கள் மெலிந்தால், ஒன்றின் முனைகள் மாறியிருக்கலாம். ஆம்பைக் கழற்றிவிட்டு, பெட்டியின் கேபிள் நுனியில் 9 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள்: நான்கு கூம்பும் ஒரே பக்கம் நகர வேண்டும். நகர்ந்தும் மெலிவு போகாவிட்டால் பின்பலகையின் திருகுகளை முறுக்குங்கள். காற்றுக் கசிந்தாலும் அதே குறைதான், கூடவே ஒரு உறுமலும் கேட்கும்.