பீநாறியும் லத்தீன் மரியாதையும்

இலை உதிர்ந்த மொட்டைக் கிளைகளில் மங்கிய சிவப்பில் கொத்துக்கொத்தாகப் பூத்திருக்கும். ஆசையாகக் கிட்டே போனால் மலநாற்றம் குடலைப் புரட்டும். இந்த மரத்துக்கு ஊரில் பீநாறி என்று பெயர். கட்டைபோல உருண்டு திரண்ட காயைப் பார்த்தவர்கள் குதிரைப்பிடுக்கு என்றார்கள். பிடுக்கு என்றால் ஆண் விலங்கின் விதைப்பை. வகுப்பில் இந்தப் பெயரைச் சொன்னால் சிரிப்பு அடங்கவே நேரமாகும். அதனால் ஆசிரியர் ஸ்டெர்குலியா ஃபீட்டிடா என்று எழுதிப்போட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவார்.

வேடிக்கை என்னவென்றால், அவர் எழுதியதும் அதே வசவுதான். லத்தீனில் ஸ்டெர்கஸ் என்பது சாணம், மலம். ரோமானியர்களின் எருக் கடவுள் ஸ்டெர்குலியஸுக்குப் பெயர் வந்ததும் அந்தச் சொல்லிலிருந்துதான். ஃபீட்டிடா என்றால் நாறுவது. 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் இது. ஊராரின் மூக்கும் அவருடைய மூக்கும் ஒரே முடிவுக்குத்தான் வந்திருக்கின்றன. அந்த நாற்றம் ஈக்களுக்கான அழைப்பு. மலம் இருக்கிறது என்று நம்பி வரும் ஈ, மகரந்தத்தைச் சுமந்துகொண்டு போகிறது.

சரி, ஊர்ப்பெயரை விட்டுவிட்டு லத்தீன் பெயரை எடுப்பதற்கு வெட்கம்தான் காரணமா? ஆசிரியருக்கு அப்படி இருக்கலாம். தாவரவியலாளருக்கு உள்ள சிக்கல் வேறு. தீக்குச்சிக்கு வெட்டும் பெருமரத்தையும் சில ஊர்களில் பீநாறி என்றுதான் சொல்கிறார்கள். அது அய்லாந்தஸ் எக்செல்சா, முற்றிலும் வேறு குடும்பம். "பீநாறிப் பட்டை கொண்டுவா" என்று ஒருவரை அனுப்பினால் எந்த மரத்தின் பட்டை வரும் என்று சொல்ல முடியாது. நாற்றத்தை வைத்துப் பெயரிட்டால், நாறுவதெல்லாம் அந்தப் பெயருக்குப் பங்கு கேட்கும். பிரித்தறிய இலையைப் பார்த்தால் போதும். ஸ்டெர்குலியாவில் விரித்த கைவிரல்கள்போலச் சிற்றிலைகள் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும். பெருமரத்தில் நீண்ட காம்பின் இருபுறமும் வரிசையாக நிற்கும். காயும் அப்படித்தான்: முன்னதில் கட்டையான சிவப்புக் காய் வெடித்துக் கறுப்பு விதை தெரியும், பின்னதில் காற்றில் பறக்கும் மெல்லிய சிறகுக்காய்.

ஆகவே ஆபாசம் என்பதற்காக மட்டும் தாவரவியல் ஒரு பெயரைத் தள்ளுவதில்லை. முறைப்படி வெளியான பெயரை, கேட்கப் பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மாற்றக் கூடாது என்று பெயரிடல் விதியே இருக்கிறது. சங்குப்பூவே அதற்குச் சாட்சி. அதன் பேரினப் பெயர் கிளிட்டோரியா, பெண்ணுறுப்பின் ஒரு பகுதியை வைத்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சிலர் முகம் சுளித்து வேறு பெயர் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நிற்கவில்லை. இங்கே மட்டும் ஊர்ப்பெயர்தான் கண்ணியமானது!

அப்புறம், ஊர்ப்பெயரை அடியோடு விட்டுவிடுவதிலும் ஒரு நட்டம் உண்டு. தாவரவியலாளர் மாதிரிக்காக உலர்த்தி அட்டையில் ஒட்டிய செடியில் வாசனை போய்விடும், பூவின் நிறமும் மங்கும். அதனால் விவரம் தெரிந்த சேகரிப்பாளர் அட்டையின் மூலையில் "பீநாறி" என்று கூச்சப்படாமல் எழுதிவைப்பார்.