புறங்கையில் வரும் பழுப்புப் புள்ளிகள்: வெயில், குளிர், லேசர்

2012இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு லாரி ஓட்டுநரின் முகப்படம் வெளியானது. 69 வயதுக்காரர், 28 ஆண்டுகள் லாரி ஓட்டியவர். இடது கன்னம் தடித்துச் சுருங்கிக் கிடந்தது. வலது கன்னத்தைப் பார்த்தால் பல வயது இளையவர்போல இருந்தார். அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். பக்கவாட்டுக் கண்ணாடி, தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். யுவிஏ கதிரில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். அது சுடாது, அதனால் வெயில் படுவதே தெரியாது. நம் ஊரில் இந்தக் கணக்கு வலது கன்னத்துக்கும் வலது புறங்கைக்கும்.

அந்த ஓட்டுநருக்குச் சுருக்கம்தான் பெரிதாகத் தெரிந்தது. ஐம்பதைத் தாண்டியவர்களின் கன்னத்திலும் புறங்கையிலும் வரும் தட்டையான பழுப்புப் புள்ளிகளுக்கும் அதே வெயில்தான் காரணம். பல வருட வெயிலுக்குப் பிறகு, அந்த இடத்து நிறமிச் செல்கள் வெயில் இல்லாத நாளிலும் மெலனின் என்ற நிறமியைத் தயாரித்துக்கொண்டே இருக்கின்றன. மேல்தோலின் அடிப்பகுதி மொட்டு மொட்டாகக் கீழே இறங்கி, அங்கே நிறமி தேங்குகிறது. வெயிலைத் தவிர்த்தால் புதியவை வருவது குறையும். வந்தவை தாமாக முழுவதும் மறைவது அரிது.

மருந்து தேடும் முன் விரலால் தடவிப் பாருங்கள். வெயிலால் வரும் இந்தச் சூரியப் புள்ளி தட்டையாக இருக்கும். மெழுகு ஒட்டியதுபோல் மேடாகவும் சொரசொரப்பாகவும் இருந்தால் அது பெரும்பாலும் வயதில் வரும் மரு. அதற்கு நிறம் வெளுக்கும் கிரீம் பூசிப் பயனில்லை. இரு கன்னங்களிலும் திட்டாகப் படர்ந்திருந்தால் மங்காக இருக்கலாம், அதன் வைத்தியம் தனி.

மேலைநாட்டு இணையப் பக்கங்களில் இதற்குச் சுலபமான வழியாகச் சொல்லப்படுவது திரவ நைட்ரஜன். மைனஸ் 196 டிகிரியில் உள்ள அதைச் சில நொடி தெளிப்பார்கள். நிறமிச் செல்கள் குளிருக்கு மிக மென்மையானவை, மைனஸ் 5 டிகிரி வாக்கிலேயே சாகத் தொடங்கும். சுற்றியுள்ள தோல் செல்கள் சாக மைனஸ் 20க்கும் கீழே போக வேண்டும். இந்த இடைவெளிதான் வைத்தியத்தின் அடிப்படை. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் சிக்கலும் அதில்தான். தெளிப்பு ஒரு நொடி கூடினாலோ, விளிம்பைத் தாண்டினாலோ, நிறமிச் செல்கள் அடியோடு போய், பழுப்புப் புள்ளி இருந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி வந்துவிடும். அது நிரந்தரமாகவும் நின்றுவிடலாம்.

லேசரும் மெலனினைக் குறிவைத்தே வேலை செய்கிறது. ஆனால் புள்ளியில் உள்ள மெலனினையும் சுற்றியுள்ள தோலின் மெலனினையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

அறுபது வயதில் ஒருவர் வலது புறங்கையில் 8 மில்லிமீட்டர் புள்ளியோடு வருகிறார் என்று வையுங்கள். பொறுமையான தோல் மருத்துவர் முதலில் ஒரு சிறு புள்ளியில் மட்டும் சோதனையாக லேசர் பாய்ச்சி, சில வாரம் காத்திருப்பார். பொருக்கு தட்டும், முகத்தில் அது ஒரு வாரம் பத்து நாளில் உதிர்ந்துவிடும், கையில் இரண்டு மூன்று வாரம் ஆகும். பிய்க்கக் கூடாது. நிறம் வெளுத்துப் பார்க்க நன்றாக இருக்கும். அப்புறம் நாலாவது வாரம் வாக்கில் அதே இடம் மறுபடி கறுக்கலாம். பழைய புள்ளி திரும்பிவிட்டது என்று பதறி இன்னொரு முறை லேசர் வைக்கச் சொல்வதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. அது புண்ணுக்குப் பின் வரும் கருமை. வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் சில மாதங்களில் மங்கும். சூடு வைக்க வைக்க இன்னும் கறுக்கும்.

கிரீம்களில் ட்ரெட்டினாயின் மெதுவானது, ஆனால் இரவில் தொடர்ந்து பூசினால் சில மாதங்களில் புள்ளி வெளிறும். 4 சதவீத ஹைட்ரோகுவினோன் மெலனின் தயாரிப்பையே தடுக்கும். மருத்துவர் சொன்ன சில மாதங்களோடு நிறுத்திவிட வேண்டும். வருடக்கணக்கில் பூசினால் நீலக்கருமை படிந்துவிடும் ஆபத்து உண்டு. இவ்விரண்டோடு ஸ்டீராய்டும் கலந்த டியூபை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி முகத்தில் பூசுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். முதல் மாதம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, வெயிலில் எரிந்து, பருவும் ரோமமும் வரும்.

சன்ஸ்கிரீன் இல்லாமல் இவை எதுவும் நிலைக்காது. முகத்துக்கு மட்டும் பூசி, கையை மறந்துவிடுகிறோம். பூசினாலும் பாத்திரம் கழுவினால் போய்விடும். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு முழங்கைவரை வரும் துணிக் கையுறையே மேல் என்பேன். மாநிறத் தோலை வெறும் வெளிச்சமும் கறுக்க வைக்கும் என்பதால், முகத்துக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, லேசான தோல்நிறச் சன்ஸ்கிரீன் நல்லது.

ஒரே புள்ளியில் இரண்டு மூன்று நிறம், ஒழுங்கற்ற விளிம்பு, சில மாதத்தில் வளர்ச்சி, ரத்தக் கசிவு இவற்றில் எது இருந்தாலும் லேசருக்கும் நைட்ரஜனுக்கும் முன் சிறு துண்டு எடுத்துப் பயாப்ஸி செய்யச் சொல்லுங்கள். சுட்டுவிட்ட பிறகு, அது புற்றா இல்லையா என்று பார்க்க அங்கே திசு மிஞ்சாது.