அண்ணன்ர கணக்கை எடுத்தால் கடைக் கணக்கும் போயிடுமா?

கிளிநொச்சியில் நான் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். உடைந்த திரையோடு வருகிறவர்களைப் போலவே, பேஸ்புக், இன்ஸ்டகிராம் கணக்குச் சிக்கலோடு வருகிறவர்களும் இப்போது நிறைய. தருமபுரம் பக்கமிருந்து வந்த ஒரு தங்கச்சியின் கதையை இங்கே எழுதுகிறேன். அவர் சாறிப் பிளவுஸ் தைப்பவர். தைத்தவற்றின் படங்களை ஒரு இன்ஸ்டகிராம் கணக்கில் போடுவார், ஓடர்கள் முழுக்க அதில்தான் வரும்.

அந்தக் கணக்கை ஆரம்பத்தில் திறந்து கொடுத்தது அவருடைய அண்ணன். அப்போது வீட்டில் இருந்த நல்ல போன் அண்ணனுடையதுதான். அதே போனில் தன் பேஸ்புக், தங்கையின் பேஸ்புக், கடையின் இன்ஸ்டகிராம் மூன்றையும் வைத்திருந்தவர், கணக்குகளை ஒன்றோடொன்று இணைத்து வைக்கிற Accounts Center என்ற இடத்துக்குள் மூன்றையும் சேர்த்துவிட்டார். பிறகு அண்ணன் கனடா போய்விட்டார். அங்கே அவருடைய பேஸ்புக்கை யாரோ திருடப் பார்த்திருக்கிறார்கள். பயந்துபோய்த் தங்கை கேட்டார்: "அண்ணை, அவற்ற கணக்கை மட்டும் இதிலயிருந்து எடுக்கலாமோ? எடுத்தா என்ர கடைக் கணக்கும் போயிடுமோ?"

பயம் நியாயமானது. ஒரே Accounts Center-இல் உள்ள கணக்குகளுக்கிடையே ஒன்றால் மற்றதைத் திறக்கும் வசதி இயங்கினால், அண்ணனின் பேஸ்புக்குக்குள் புகுந்தவன் கடைக் கணக்குக்குள்ளும் வரலாம். எனவே பிரிக்கத்தான் வேண்டும். ஒரு கணக்கை Accounts Center-இலிருந்து எடுப்பதால் அந்தக் கணக்கும் அழியாது, மற்றவையும் அழியாது. அவற்றுக்கிடையே இருந்த தொடர்பு மட்டும் அறும். ஆனால் எதிர்பாராத இடத்தில் ஆபத்து இருக்கிறது. இதுவரை அந்தத் தொடர்பில் சாய்ந்துகொண்டே திறந்துவந்த கணக்கு, தொடர்பு அறுந்த பிறகு தனியாகத் திறக்குமா என்பதுதான் கேள்வி.

இதற்கு முன் ஒரு பொடியன் வந்திருந்தான். தானே பிரித்துவிட்டு, அதன் பிறகு போனை றீசெற் செய்திருக்கிறான். அவன் இன்ஸ்டகிராமுக்குள் எப்போதும் பேஸ்புக் வழியாகவே போய் வந்தவன். அதற்கென்று ஒரு பாஸ்வேர்ட் இருந்ததா என்றே அவனுக்குத் தெரியாது. கணக்கில் பதிந்திருந்த நம்பர் எப்போதோ கைவிட்ட சிம், மின்னஞ்சலும் திறக்க முடியாத பழையது. அவனுடைய படங்கள் எல்லாருக்கும் தெரிகின்றன, அவனால் மட்டும் உள்ளே போக முடியவில்லை. போனை றீசெற் செய்யுமுன் வந்திருந்தால், கணக்கு திறந்தபடி இருந்த அந்தப் போனிலேயே எல்லாவற்றையும் சரிசெய்திருக்கலாம். பிரிக்கிற வேலை முடியும்வரை எதிலிருந்தும் லொக் அவுட் செய்யாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் முதலில் சொல்வது இதனால்தான்.

தங்கையின் விஷயத்தை என் கடைக் கணினியில் செய்யவில்லை. அவர் நாளாந்தம் பாவிக்கிற போனிலேயே செய்தோம். பழக்கமில்லாத கருவியிலிருந்து பாஸ்வேர்டையோ நம்பரையோ மாற்றப்போனால், இப்போது மாற்ற முடியாது என்று தடுத்துவிடுவது உண்டு.

இன்ஸ்டகிராமில் Settings-க்குள் போனால் மேலேயே Accounts Center இருக்கும். அதில் முதலில் Personal details, பிறகு Contact info. ஒவ்வொரு நம்பரும் மின்னஞ்சலும் எந்தெந்தக் கணக்குக்கு உரியவை என்று அங்கே காட்டும். கடைக் கணக்கின் கீழ் இருந்தது அண்ணனின் நம்பர் மட்டுமே. பாஸ்வேர்ட் மறந்தால் வருகிற உறுதிப்படுத்தும் இலக்கம் கனடாவில் இருக்கிறவரின் கைக்குத்தான் போயிருக்கும். தங்கையின் மின்னஞ்சலையும் நம்பரையும் சேர்த்தோம். சேர்க்கும்போது எந்தக் கணக்குக்கு என்று கேட்கும், கடைக் கணக்கைத் தெரிவுசெய்ய வேண்டும். உறுதிப்படுத்தும் இலக்கம் வந்து, புதியவை பதிந்துவிட்டன என்று பார்த்த பிறகே அண்ணனின் நம்பரை எடுத்தோம். இந்த ஒழுங்கை மாற்றக்கூடாது.

அடுத்து Password and security. அதில் Change password, கடைக் கணக்கு. பழைய பாஸ்வேர்டைக் கேட்டது, அவருக்குத் தெரியாது. அங்கேயே இருக்கிற மறந்துவிட்டேன் என்ற இணைப்பை அழுத்தினோம், இப்போது சேர்த்த மின்னஞ்சலுக்கே வழி வந்தது. புதிய பாஸ்வேர்ட் போட்டாயிற்று. பிறகு, பாஸ்வேர்டோடு இன்னொரு இலக்கத்தையும் கேட்கிற Two-factor authentication. அதிலும் அண்ணனின் நம்பர் இருந்தது. அதைத் தங்கையின் நம்பருக்கு மாற்றி, எட்டு இலக்கமுள்ள மாற்று எண்களையும் எடுத்து, பிளவுஸ் அளவுகள் எழுதுகிற கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதவைத்தேன். மழை நாளில் சிக்னல் போய்க் குறுஞ்செய்தி வராவிட்டால் அந்த எண்கள்தான் கைகொடுக்கும்.

பலர் விடுகிற படி இனித்தான். என் போனின் பிறவுசரில் Incognito என்கிற மறைவுச் சாளரத்தைத் திறந்து, கடைக் கணக்கின் பயனர் பெயரையும் புதிய பாஸ்வேர்டையும் தங்கையையே அடிக்கச் சொன்னேன். பேஸ்புக் மூலம் நுழைகிற பொத்தானைத் தொடவே விடவில்லை. உள்ளே போனது. அவருடைய பேஸ்புக்குக்கும் இதேபோல் ஒருமுறை பார்த்தோம். இரண்டும் தனியாகத் திறந்த பிறகு பிரிக்கப் பயமில்லை.

பிரிக்கிற வேலைக்கு ஒரு நிமிடமும் ஆகாது. Accounts Center-இல் கணக்குகளின் பட்டியலுக்குப் போய், அண்ணனின் பேஸ்புக்குக்கு நேரே Remove. அது என்னென்ன நின்றுபோகும் என்று சொல்லி மீண்டும் கேட்கும், வாசித்துவிட்டுச் சம்மதிக்க வேண்டும். பெயரையும் படத்தையும் பார்த்து அழுத்துங்கள். அண்ணனும் தங்கையும் ஒரே கலியாண வீட்டுப் படத்தை வைத்திருந்ததால் நாங்களே ஒருகணம் தடுமாறினோம்.

இதே Accounts Center-க்குள் Deactivation or deletion என்று இன்னொரு இடம் இருக்கிறது. அது கணக்கையே முடக்குகிற அல்லது அழிக்கிற இடம், பிரிக்கிற இடம் அல்ல. தவறி அழிக்கக் கொடுத்துவிட்டால் 30 நாளுக்குள் அந்தக் கணக்குக்குள் மறுபடி போய் நிறுத்தலாம். அதற்குப் பிறகு வழியில்லை. போனில் கணக்கு மாறுகிற பட்டியலிலிருந்து ஒன்றை எடுப்பதும் வேறு விஷயம். அது அந்தப் போனிலிருந்து மட்டும் எடுக்கும், Accounts Center-இல் இணைப்பு அப்படியே இருக்கும்.

பிரித்தாயிற்று என்று தங்கை எழும்பப் பார்த்தார். இருக்கச் சொன்னேன். அண்ணனின் போனில் கடைக் கணக்கு முன்பே திறந்து கிடந்தால், பிரித்ததால் மட்டும் அது மூடாது. Password and security-க்குள் Where you're logged in என்பதில் கடைக் கணக்கைத் தொட்டோம். கனடா என்று காட்டிய ஒரு போன் இருந்தது. அதைத் தெரிவுசெய்து வெளியேற்றினோம். என் கடையிலிருந்தே தங்கை அண்ணனுக்கு வட்ஸ்அப்பில் அழைத்துச் சொல்லியும் விட்டார். சொல்லாமல் செய்திருந்தால் அவர் வேறு மாதிரி நினைத்திருப்பார்.

கடைக்குப் பேஸ்புக்கில் ஒரு பக்கமும் இருக்கிறது. அண்ணன் அதற்கு நிர்வாகியாக இருப்பது இந்தப் பிரிப்பால் மாறாது, அதைப் பக்கத்தின் அமைப்புக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். அந்த நிர்வாகியை எடுக்குமுன் தங்கைக்கு முழு அதிகாரம் இருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. அண்ணன் அன்றிரவே கொடுத்தார், அதன் பிறகே தங்கை அவரை எடுத்தார்.

பிரித்து இரண்டு நாள் கழித்துத் தங்கை மறுபடி அழைத்தார். இன்ஸ்டகிராமில் போடுகிற ஸ்ரோறி முன்பு அண்ணனின் பேஸ்புக்கிலும் தானாக வந்ததாம், இப்போது வரவில்லையாம், ஏதாவது பிழையோ என்று கேட்டார். பிழையில்லை, பிரிந்துவிட்டது என்பதன் அடையாளம் அதுதான் என்றேன்.