திரட்டலும் பிரித்துவிற்றலும்

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் ஷீட் வியாபாரிகளிடம் 'சரக்கு சேர்க்கிறார்கள்' என்றால் உடனே புரியும். விலை அசையாமல் கிடக்கும்போது, ஒரே நாளில் கேட்டு விலையை ஏற்றிவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக் குடோனில் அடுக்குவது. பங்குச் சந்தையில் 'அக்யூமுலேஷன்' என்பதும் இதுதான்.

இந்தச் சொல்லின் வேர் லத்தீனில் 'குமுலுஸ்', அதாவது குவியல். இதற்கு எதிர்ப்பக்கமான 'டிஸ்ட்ரிபியூஷன்' என்பதற்கு லத்தீனில் பிரித்துப் பங்கிடுதல் என்று பொருள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கர் ரிச்சர்ட் வைக்காஃப் விலைப்படத்தைப் படிக்க இவ்விரண்டையும் கையாண்டார். தமிழில் முதலாவதைத் 'திரட்டல்' எனலாம். இரண்டாவதை 'விநியோகம்' என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. அது ரேஷன் கடையை நினைவூட்டுகிறது. பெரிய கை தன் சரக்கை உயர்ந்த விலையில் பலர் தலையில் கட்டுவதால் 'பிரித்துவிற்றல்' பொருந்தும்.

சிக்கல் என்னவென்றால், இரண்டும் படத்தில் ஒன்றுபோலவே பக்கவாட்டில் நகரும். ஒரு பங்கு நான்கு மாதமாக 180-க்கும் 200-க்கும் நடுவில் அலைகிறது, தினசரி வியாபாரம் சராசரி 2 லட்சம் பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஏறும் நாளில் 3 லட்சமும் இறங்கும் நாளில் 1 லட்சமும் கைமாறினால், விற்க ஆள் குறைகிறது என்று பொருள். அது திரட்டலின் சாயல். நேர்மாறாக, 200-ஐ நெருங்கும்போதெல்லாம் 4 லட்சம் கைமாறியும் விலை மேலே போகாவிட்டால், அங்கே யாரோ கொட்டுகிறார்கள்.

ஒருநாள் விலை 177-க்குச் சரிந்து, அன்றே அல்லது இரண்டொரு நாளில் 180-க்கு மேல் திரும்பினால், வைக்காஃப் வழியில் வந்தவர்கள் அதை 'ஸ்பிரிங்' என்கிறார்கள். பயந்தவர்கள் விற்றதை யாரோ வாங்கிக்கொண்டார்கள். திரட்டலின் கடைசிக் கட்டத்தில் இது வரலாம், வராமலும் போகலாம்.

அப்புறம் 'பிரேக்அவுட்', அதாவது விலை அந்த 200-ஐத் தாண்டி மேலே போவது. குளத்துக்கரை உடையும்போது 'உடைப்பெடுத்தது' என்கிறோமே, அந்த 'உடைப்பு' போதும். நடுப்பகலில் 204 தொட்டுவிட்டு 198-இல் முடிந்தால் அது உடைப்பல்ல. 5 லட்சம் வியாபாரத்தோடு 205-இல் முடிவது நல்ல தொடக்கம், அவ்வளவுதான். செய்தி கேட்டு ஒருநாள் பாய்ந்த கூட்டமும் அந்த எண்ணைக் கொடுக்கும்.

நான் பெரிதும் நம்புவது அதற்குப் பிந்தைய நாட்களை. விலை 201 வரை இறங்கி வரும்போது வியாபாரம் ஒரு லட்சமாகச் சுருங்கினால், முன்பு விற்றுக்கொண்டிருந்தவர்கள் இப்போது இல்லை. அதே இறக்கம் 4 லட்சத்தோடு வந்து 196-இல் முடிந்தால், உடைப்பைக் காட்டிப் பிரித்துவிற்றிருக்கிறார்கள். சில பங்குகள் இப்படித் திரும்பி வராமலே ஏறிவிடும், அவற்றைத் தவறவிட வேண்டியதுதான். தினமும் சில ஆயிரம் பங்குகளே கைமாறும் சிறு நிறுவனங்களில் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது, ஒரே ஆள் வாங்கினாலே படம் மாறிவிடும்.