ஜேக்கோபியனை ஒருமுறை போட்டால் போதுமா?

x² + y² = 4, xy = 1. இரண்டு சமன்பாடு, இரண்டு மாறிகள். ஒன்று வட்டம், மற்றொன்று அதிபரவளையம். இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளில் ஒன்று (1.931852, 0.517638). இதைக் கையாலேயே கண்டுபிடித்துவிடலாம், கணினி தேவையில்லை. விடை முன்கூட்டியே தெரிவதால்தான் இதை எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு தீர்வு முறையும் எங்கே தடுமாறுகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம்.

எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து f₁ = x² + y² − 4, f₂ = xy − 1 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் சுழியாக்கும் x, y வேண்டும். நியூட்டன் முறை செய்வது இதுதான்: இப்போது நிற்கும் இடத்தில் இந்த வளைந்த சார்புகளை நேராக்கி, அந்த நேரான சமன்பாடுகளைத் தீர்த்து, கிடைத்த இடத்துக்கு நகர்வது. எப்படி நேராக்குவது என்பதைச் சொல்வதே ஜேக்கோபியன் அணி. அதன் ஒவ்வொரு நிரையும் ஒரு சார்பின் பகுதி வகைக்கெழுக்கள்:

```
J = [ 2x  2y ]
    [  y   x ]
```

(2, 0.5) என்ற புள்ளியில் தொடங்குவோம். அங்கே f₁ = 0.25, f₂ = 0. ஜேக்கோபியனின் நிரைகள் (4, 1), (0.5, 2). f₁, f₂ இரண்டையும் சேர்த்து F என்போம். J·s = −F என்பதைத் தீர்த்தால் நகர்வு s = (−0.0667, 0.0167). புதிய புள்ளி (1.93333, 0.51667). அங்கே f₁ = 0.00472, f₂ = −0.00111. ஒரே அடியில் விடைக்குப் பக்கத்தில் வந்தாயிற்று.

சரி, அடுத்த அடிக்கு என்ன செய்வது? நியூட்டன் முறைப்படி புதிய புள்ளியில் ஜேக்கோபியனை மறுபடி போட வேண்டும். இரண்டு மாறிகள் என்றால் அது ஒரு வேலையே இல்லை. ஆனால் 1,000 மாறிகள் இருந்தால் அணியில் 10 லட்சம் உறுப்புகள். பல நேரங்களில் F என்பது கையில் எழுதிய சூத்திரமாக இருக்காது. ஒரு பெரிய நிரல் ஓடி முடித்துத் தரும் எண்களாக இருக்கும். அப்போது வகைக்கெழுவை எழுதிப் போட வழியில்லை. ஒவ்வொரு மாறியையும் துளி நகர்த்தி F எவ்வளவு மாறுகிறது என்று பார்க்க வேண்டும். அதாவது ஒரு ஜேக்கோபியனுக்கு F-ஐ மேலும் 1,000 தடவை கணக்கிட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு நொடி ஆனாலும் ஒரு அடிக்கே கால் மணி நேரத்துக்கு மேல். அதன் பிறகு அந்த அணியைத் தீர்க்க, மாறிகளின் எண்ணிக்கை n என்றால், சுமார் n³/3, அதாவது 33 கோடி பெருக்கல்கள். என் கணக்கில் பெருக்கல்கள் பெரிய தொல்லை இல்லை. F-ஐக் கூப்பிடுவதுதான் ஆளைக் கொல்லும்.

சோம்பேறி வழி ஒன்று உண்டு: முதலில் போட்ட ஜேக்கோபியனையே கடைசிவரை வைத்துக்கொள்வது. ஓடும், ஆனால் ஒவ்வொரு அடியிலும் பிழை கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில்தான் குறையும், வேகம் பிடிக்காது.

1965-இல் சார்லஸ் பிராய்டன் கேட்ட கேள்வி வேறு. பழைய புள்ளியிலிருந்து புதிய புள்ளிக்கு வந்தபோது F எவ்வளவு மாறியது என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். அடுத்த அடிக்காக எப்படியும் கணக்கிட வேண்டிய எண்தான் அது. அந்தத் தகவலைக் கொண்டே பழைய அணியைத் திருத்தினால் என்ன? திருத்திய அணி B-க்கு அவர் வைத்த நிபந்தனை: s என்ற நகர்வை B-ஆல் பெருக்கினால், F-இல் உண்மையில் ஏற்பட்ட மாற்றம் வர வேண்டும். இதை நிறைவேற்றும் அணிகள் எண்ணற்றவை உண்டு. அவற்றில் பழைய அணியிலிருந்து மிகக் குறைவாக மாறியதை அவர் எடுத்தார். s-க்குச் செங்குத்தான திசைகளைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியவில்லை, ஆகவே அங்கே கை வைக்கவில்லை.

அடியைச் சுருக்காமல் முழுதாக எடுத்து வைத்திருந்தால் சூத்திரம் எளிதாகிவிடும்:

```
B_new = B + F_new sᵀ / (sᵀs)
```

நம் எண்களைப் போட்டுப் பார்ப்போம். sᵀs = 0.00472. F_new-ஐ அதனால் வகுத்தால் (1, −0.2353). இதை s-உடன் பெருக்கிக் கூட்டினால் புதிய B-இன் நிரைகள் (3.9333, 1.0167), (0.5157, 1.9961). அதே இடத்தில் உண்மையான ஜேக்கோபியன் (3.8667, 1.0333), (0.5167, 1.9333). முதல் நிரை சரியாகப் பாதி வழி நகர்ந்திருக்கிறது. கடைசி உறுப்பு அசையவே இல்லை எனலாம்.

இந்த அரைகுறை அணியால் அடுத்த அடி வைத்தால் x-இல் பிழை 0.000041. மாற்றாத அணி என்றால் 0.000074. அசல் நியூட்டன் என்றால் 0.0000011. ஆக, நியூட்டனே முன்னால். ஆனால் பிராய்டனை இன்னும் ஒரு தடவை திருத்தி மூன்றாவது அடி வைத்தால், அதிகம் விலகியிருக்கும் y-இலும் பிழை 0.0000004-தான். ஒரே அடியில் நூறில் ஒரு பங்கு. மாற்றாத அணியின் பிழை அப்போது 0.000004, அதாவது பத்து மடங்கு. பிராய்டன் முறையில் பிழை குறையும் விகிதமே அடிக்கு அடி கூடிக்கொண்டு போகிறது. நல்ல தொடக்கப் புள்ளியும், ஓரளவு சரியான முதல் அணியும், விடையில் நேர்மாறு உள்ள ஜேக்கோபியனும் இருந்தால் இது நடந்தே தீரும் என்று 1973-இல் பிராய்டன், டென்னிஸ், மொரே மூவரும் நிறுவினார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிதான். அந்த மூன்றாவது அடிக்குப் பயன்பட்ட அணியைத் திறந்து பாருங்கள். இரண்டாம் நிரையின் முதல் உறுப்பு 0.5456. விடைப் புள்ளியில் உண்மை மதிப்பு 0.5176. முந்தைய திருத்தத்தில் 0.5157 என்று நன்றாகத்தான் இருந்தது, இப்போது கெட்டுப்போயிருக்கிறது! இருந்தும் விடை முன்னைவிடத் துல்லியம். B உண்மையான ஜேக்கோபியனாக மாற வேண்டிய கட்டாயமே இல்லை. நாம் நடக்கும் திசையில் அது சரியாக இருந்தால் போதும், மற்ற திசைகளில் எப்படி இருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஆகவே, கடைசியில் மிஞ்சும் B-ஐ எடுத்து ஜேக்கோபியன் என்று நம்பி வேறு கணக்குக்குப் பயன்படுத்தாதீர்கள்.

திருத்தம் ஒரு நிரல் திசையனும் ஒரு நிரைத் திசையனும் சேர்ந்த பெருக்கல் மட்டுமே என்பதால் இன்னொரு லாபமும் கிடைக்கிறது. ஷெர்மன்–மாரிசன் சூத்திரத்தைக் கொண்டு நேர்மாறு அணியையே நேரடியாகத் திருத்திவிடலாம். n³ வேலை n² அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் பெரும்பாலும் சுழிகளே நிறைந்த அணிகளுக்கு இது ஆகாது: அந்தப் பெருக்கல் சுழி இருந்த இடங்களையெல்லாம் எண்களால் நிரப்பிவிடும். அங்கே அணியை எழுதாமல், s திசையன்களை மட்டும் சேமித்து வைத்துக்கொண்டு சமாளிக்கிறார்கள்.

எப்போது கவிழும்? (1, 1)-இல் தொடங்கிப் பாருங்கள். நிரைகள் (2, 2), (1, 1). அணிக்கோவை சுழி, முதல் அடியே இல்லை. x-உம் y-உம் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் அடி ராட்சத நீளமாகி எங்கோ கொண்டுபோய் விடும். இது நியூட்டனுக்கும் உள்ள நோய்தான். பிராய்டனுக்கே உரியது வேறொன்று: பழைய தகவல்கள் குவிந்து B தவறான திசையைக் காட்டத் தொடங்கலாம். அப்போது அடியைச் சுருக்கினாலும் F-இன் அளவு குறையாது. நியூட்டனில் எல்லாமே சரியாக இருந்தால் போதுமான அளவு சுருக்கிய அடி F-ஐக் குறைத்தே ஆகும். இங்கே அந்த உத்தரவாதம் இல்லை. எனவே ஒவ்வொரு அடியிலும் F-இன் அளவை அச்சிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று அடிகளாக அது நகராமல் நின்றால் B-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு, ஜேக்கோபியனைப் புதிதாகப் போட வேண்டியதுதான்.

பைத்தானில் `scipy.optimize.fsolve` என்று எழுதுபவர்கள் தெரிந்தோ தெரியாமலோ இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதன் அடியில் இருப்பது, முதலில் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்ட MINPACK என்ற பழைய தொகுப்பின் வழிமுறை. அது தொடக்கத்தில் ஒருமுறை ஜேக்கோபியனைப் போடும், அப்புறம் பிராய்டன் திருத்தங்களிலேயே ஓட்டும். முன்னேற்றம் திருப்தியாக இல்லாதபோதுதான் மறுபடி ஜேக்கோபியன் பக்கம் போகும்.